சுவரிடிச்ச தங்கப்பழத்தின் மகன்

சங்கரன்கோவிலில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஞானரத்தினத்துக்கு சிமெண்டை விற்கப் பிடிக்கும். எங்கள் கிறிஸ்தவ சபைக் கோயில் சுவரில் பார்க்க மட்டும் பிடிக்காது. சபைச் செயலாளர், பிடிவாதக்காரர். 1891-இல் கட்டிய கோயிலை அன்றிருந்தபடியே ஆக்கிவிட்டுத்தான் பதவியை விடுவேன் என்று சபை நடுவே சொல்லிவிட்டார். பின்னால் சேர்த்த கான்கிரீட் முகப்பு, மொசைக் தரை, தெற்குக் கூடம் எல்லாம் போக வேண்டும்.

தெற்குக் கூடம் என்றதும், அங்கே உட்காரும் ஜெனிபா எழுந்தாள். "எங்க ஆளுவ கல்லு சுமந்து கட்டுனது அண்ணாச்சி. அதை இடிச்சா நாங்க எங்கன உக்காருவோம்?"

"உள்ள வந்து உக்காரு. எடமா இல்ல?" என்றார் அவர். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கும் ஜெபிதாவைத் திருநெல்வேலியிலிருந்து வரவழைத்தோம். அவள் எதையும் இடிக்கவில்லை. அங்கங்கே பூச்சைச் சுரண்டிப் பார்த்தாள். மேலே சிமெண்ட், அடியில் சுண்ணாம்பு. சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாததால் பழைய செங்கல் உப்புப் பூத்து உதிர்ந்துகொண்டிருந்தது. மூன்றாம் நாள், பின்வரிசை அருகே இருபக்கச் சுவரிலும் எதிரெதிராக, இடுப்பு உயரத்துக்கு ஒரு பட்டை தெரிந்தது. அதில் மட்டும் செங்கல் வேறு, சாந்து வேறு.

"இங்க ஒரு குறுக்குச் சுவர் இருந்திருக்கு. 1891-லயே கட்டினது. பிறகு யாரோ இடிச்சு அடைச்சிருக்காங்க" என்றாள்.

எதற்குக் குறுக்குச் சுவர் என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில், ஒடுக்கப்பட்ட சாதியாரான ஜெனிபாவின் ஆட்களை முன்னால் வரவிடாமல் நிறுத்தத்தான்.

"அதை விட்டுட்டு மத்ததை மட்டும் பழையபடி ஆக்குங்க" என்றார் ஞானரத்தினம்.

"அப்ப அது 1891 இல்லை சார், நமக்குப் பிடிச்ச 1891. அந்த வருஷம்தான் வேணும்னா இந்தச் சுவரும் திரும்ப வரணும். இல்லைன்னா, பின்னால வந்ததும் இந்தக் கோயிலோட கதைதான்னு ஒத்துக்கணும்" என்றாள் ஜெபிதா.

அவர் வாயைத் திறக்கும் முன், மூப்பரான ஞானஒளிவு அண்ணாச்சி கேட்டார்: "ஏலே ரத்தினம், ஒங்கப்பனுக்குச் சுவரிடிச்ச தங்கப்பழம்னு பேரு எப்படி வந்துதுன்னு நெனைக்க?"

"காம்பவுண்டுச் சுவர்த் தகராறுல்லா?"

"இந்தச் சுவருதான்லே. கடப்பாரையோட ஒத்தையா உள்ள வந்து இடிச்சான். தண்டனையா ரெண்டு வருசம் அவனுக்கு நற்கருணை அப்பம் கொடுக்கல. அதுக்கப்புறம் கூட்டம் பெருகித்தான் தெற்குக் கூடமே கட்டுனோம்."

ஞானரத்தினம் அந்தப் பட்டையைத் தொட்டுப் பார்த்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது. இரண்டும் முகத்தில் தெரிந்தன.

அடுத்த கூட்டத்தில், பின்னால் சேர்ந்தது இருக்கட்டும் என்று அவரே தீர்மானம் கொண்டுவந்தார். பழைய செங்கல்மேல் இருந்த சிமெண்டை மட்டும் கொத்தி எடுத்துச் சுண்ணாம்பு பூசினார்கள். முகப்பும் மொசைக்கும் தெற்குக் கூடமும் நின்றன. அந்தப் பட்டையை மட்டும் பூசாமல் விட்டார்கள்.

கோயில் விருந்தான அசனத்துக்கு வந்த சிவகிரிக்காரர் ஒருவர், "இங்கன பூச மறந்துட்டியளா?" என்று கேட்டார்.

"மறக்கல," என்றார் ஞானரத்தினம். "அது எங்கப்பா பாத்த வேலை."