கடைசி வரி

அந்த ஆளுக்கு எல்லாமே ‘சின்ன சேஞ்ச்’தான். மண்ணரை என்கிற ஊரில் நானும் இன்னொரு பெண்ணுமாக, கம்ப்யூட்டரில் பனியன் துணி வெட்டுவதற்கான பேட்டர்ன் போட்டுக் கொடுக்கும் சின்ன ஆபீஸ் நடத்துகிறோம். அவர் ஒரு பனியன் கம்பெனி முதலாளி. பேசியது ஒரு டி-ஷர்ட், ஐந்து சைஸ், இரண்டு கரெக்‌ஷன். பதினொன்றாவது கரெக்‌ஷனில் அதற்குக் காலர் முளைத்திருந்தது. அப்புறம் பாக்கெட். அப்புறம், “அப்பிடியே குழந்தைங்க சைஸும் போட்டுருங்க அம்மிணி, சின்ன சேஞ்ச்தானுங்க.”

ஒவ்வொரு தடவையும் அவ்வளவு மரியாதையாகக் கேட்பார். எனக்கோ பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் வாய் “சரிங்க” என்றுதான் சொல்லும். பாழாய்ப்போன வாய்.

உட்கார்ந்து வரைபவள் அந்தப் பெண்தான். ஒருநாள் மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு, “இன்னொருக்கா இந்தாளு வேலை வந்துதுன்னா நான் பல்லடம் கம்பெனிக்குப் போயிர்றனுங்க்கா” என்றாள். அவள் போனால் ஆபீஸைப் பூட்ட வேண்டியதுதான்.

முடிந்த வேலைக்குப் பணம் வந்து சேரும்வரை வாயைத் திறக்கவில்லை. வந்ததும், தொடங்காத குழந்தை சைஸுக்கு வாங்கிய அட்வான்ஸைத் திருப்பி அனுப்பினேன். பிறகு மெயில் எழுதினேன்.

“ஐயா, வணக்கம். ஒப்புக்கொண்ட வேலை முடிந்தது. ஃபைல்கள் எல்லாம் இதோடு இணைத்திருக்கிறேன். இரு பக்கமும் பாக்கி இல்லை. பேசிய அளவுக்கு மேல் மாற்றங்கள் தொடர்வதால், இன்றோடு தங்கள் வேலைகளை நிறுத்திக்கொள்கிறோம். இதுவரை வேலை தந்ததற்கு நன்றி.”

அனுப்பப் போகையில் மனசு கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தவர்களை வாசல்வரை வந்து வழியனுப்பிய பழக்கம். “எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்” என்று கடைசியில் ஒரு வரி சேர்த்து அனுப்பிவிட்டேன்.

அரை மணி நேரத்தில் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

“மெயில் பாத்தனுங்க அம்மிணி. கூப்பிடச் சொல்லியிருந்தீங்க, அதான் கூப்புட்டேன். அந்த டி-ஷர்ட் கையை மட்டும் அரை இஞ்சு கூட்டிக் குடுத்தீங்கன்னா…”

அவள் எழுந்தாள். டிபன் பாக்ஸை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கதவுப் பக்கம் போனாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அது மரியாதைக்கு எழுதுனதுங்க,” என்றேன். “வேலைக்கு இல்லீங்க. இனி நாங்க செய்யறதா இல்லீங்க.”

“ஏனுங்க, நாளைக்கு வேணா பேசலாங்களா?” என்றார்.

“இல்லீங்க. நாளைக்கும் இதேதானுங்க.”

அவள் இன்னும் கதவருகேதான் நின்றாள். போனை வைத்துவிட்டு, அவள் பார்க்கும்படி திரையைத் திருப்பி இன்னொரு மெயில் தட்டினேன்.

“ஐயா, முந்தைய மெயிலில் ஒரு சின்ன சேஞ்ச். கடைசி வரியை மட்டும் எடுத்துவிடவும். நன்றி.”

அவள் இரண்டு தடவை படித்தாள். “இதுக்குக் கரெக்‌ஷன் உண்டுங்களாக்கா?” என்றாள்.

“இல்லை” என்றேன். டிபன் பாக்ஸை வெளியே எடுத்தாள்.