பிள்ளை நடுவில், மாமன் ஓரத்தில்

படுக்கை வாட்டில் எடுத்த வீடியோவை நிமிர்த்திக் கொடுக்கச் சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். கடவுள் நமக்குக் கண் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில்தான் வைத்திருக்கிறார், ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கவில்லை. ஆனால் செல்போனை எல்லோரும் நெட்டுக்குத்தாகப் பிடிக்கிறார்கள். இப்போது மண்டப வாசலிலும் ஆள் உயரத்துக்கு ஒல்லியாக ஒரு எல்இடி திரையை நிறுத்திவிடுகிறார்கள். சோறு ஆக்கி முடிப்பதற்குள் விசேஷத்தின் வீடியோ அதில் ஓட வேண்டும். அருப்புக்கோட்டையில் நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து இந்தத் தொழில்தான் செய்கிறோம். போட்டோ அவர், வீடியோவும் எடிட்டிங்கும் நான். கோபமும் என் பொறுப்புதான்.

திருச்சுழிப் பக்கம் ஒரு மண்டபத்தில் காதுகுத்து. ஒரு வயதுப் பெண்பிள்ளை. பிள்ளையின் அம்மா என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர், பல வருஷம் காத்திருந்து பெற்ற பிள்ளை. முதல் நாள் போனில் பேசும்போதே குரல் குதித்தது. "தங்கச்சி, எந்தம்பி வாரான். நாலு வருசம் கழிச்சு வாரான். அவன் மடியிலதான் பிள்ளைக்குக் குத்தப்போறோம்" என்றார். நாலு வருஷம் ஏன் வரவில்லை என்றும் நான் கேட்காமலே சொன்னார். புது வீட்டுக்குப் பால் காய்ச்சியபோது அடித்த பத்திரிகையில் தாய்மாமன் பெயர் விட்டுப்போயிருக்கிறது. பிரஸ்காரர் விட்டாரா, எழுதிக் கொடுத்தவர்கள் விட்டார்களா என்று இன்றுவரை தெரியாது. பாலவநத்தத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் தம்பி அந்தப் பத்திரிகையைப் பார்த்ததோடு சரி, அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. இப்போது அக்கா நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்ததில் இறங்கி வந்திருக்கிறார்.

வந்த வரவு இருக்கிறதே! மேளம் முன்னால் வர, பட்டுப் பாவாடை, வளையல், பழம், இனிப்பு என்று தாம்பாளம் தாம்பாளமாகச் சீர் பின்னால் வர, மாமன்காரர் வேட்டி தரையில் புரள நடந்து வந்தார். கேமராவைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்து இரண்டு இடத்தில் இடித்துக்கொண்டேன். எனக்கே உடம்பெல்லாம் சிலிர்த்தது.

மேடையில் அவர் சம்மணம் போட்டு உட்கார, மடியில் பிள்ளை. இடது பக்கம் ஆசாரி. நான் எதிரே முட்டி போட்டு, பிள்ளையின் முகத்தில் ஃபோகஸ் வைத்தேன். ஊசி தொட்டதும் பிள்ளை வீறிட்டது. நாதஸ்வரம் உச்சத்துக்குப் போனது. நாற்பது நொடி, கை நடுங்காமல் எடுத்துவிட்டேன் என்று எனக்குள் ஒரே துள்ளல்.

உடனே பிள்ளையின் அப்பா வந்து நின்றார். "ஏம்மா, அத வாசத் திரையில போட்டுரு. எனக்கும் அனுப்பு, ஸ்டேட்டஸ் வைக்கணும். பிள்ள நட்ட நடுவுல இருக்கணும். அப்புறம், மேலயும் கீழயும் கருப்புப் பட்டை வரக் கூடாது. நல்ல காரியத்துல கருப்பு ஆகாது."

இந்தப் பக்கத்தில் எல்லோரும் சொல்வதுதான் இது. படுக்கை வீடியோவை அப்படியே ஒல்லித் திரைக்குள் வைத்தால் மேலும் கீழும் இடம் காலியாகக் கிடக்கும், அது கருப்பாகத் தெரியும். தாலி கட்டும் காட்சிக்கு மேலே கருப்பு என்று சொல்லி ஒரு கல்யாண வீட்டில் எனக்கு ஆல்பத்தையே திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் சட்டென்று செய்கிற வேலையைச் செய்தேன். மேடைக்குப் பின்னால் லேப்டாப்பைத் திறந்து, உயரம் முழுவதும் நிறைகிற வரைக்கும் படத்தைப் பெரிதாக்கினேன். அப்படிப் பெரிதாக்கினால் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குகூடத் தெரியாது. தெரிகிற அந்தப் பங்கில் பிள்ளையின் முகம் நடுவில் வருகிற மாதிரி படத்தை நகர்த்தி வைத்தேன். கருப்பு இல்லை, பிள்ளை நடுவில். பென் டிரைவில் போட்டுத் திரைக்குப் பின்னால் செருகிவிட்டு, பிள்ளையின் அப்பாவுக்கும் அனுப்பினேன்.

அடுத்த கால் மணி நேரத்தில் சாப்பாட்டுக் கூடத்துப் பக்கம் ஒரு சத்தம். மாமன்காரரின் மனைவி, பிள்ளையின் அப்பா வைத்த ஸ்டேட்டஸ் ஓடும் செல்போனோடு கண் கலங்கி நின்றார். "மடி மட்டும் எங்களுது வேணும், மூஞ்சி வேணாமாக்கும். அன்னைக்கிப் பேர விட்டாக. இன்னைக்கி ஆளையே வெட்டிட்டாக."

ஓடிப்போய் வாசல் திரையைப் பார்த்தேன். பிள்ளை அழுகிறது, ஆசாரியின் விரல்கள் தெரிகின்றன, பிள்ளையைப் பிடித்திருக்கிற இரண்டு கைகள் தெரிகின்றன. அந்தக் கைக்குச் சொந்தக்காரர் இல்லை. ஆசாரிக்கு வழி விடுவதற்காக மாமன்காரர் தலையை வலது பக்கம் நன்றாகச் சாய்த்திருக்கிறார். நான் வெட்டிய வெட்டில் அவருடைய காது மடல்கூட மிஞ்சவில்லை. சீர் கொண்டுவந்தவருக்கு நான் செய்த மரியாதை!

மாமன்காரர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வேனை எடுக்கச் சொல்லி டிரைவருக்குக் கையைக் காட்டினார். சீர் கொண்டுவந்த தாய்மாமன் இலையில் உட்காராமல் போனால், அந்த வீட்டுக்கு இனி அவர் இல்லை என்று அர்த்தம். பிள்ளையின் அம்மா உள்ளே பந்தியைக் கவனித்துக்கொண்டிருந்தார், அவருக்கு இன்னும் விஷயமே தெரியாது.

நான் வேனுக்கு முன்னால் போய் நின்றுவிட்டேன். "அண்ணே, இது அவுக செஞ்சதில்ல, நான் செஞ்சது. திரைக்குத் தக்கன வெட்டுனேன், ஒங்கள வெட்டுறோமான்னு பாக்கல. பத்து நிமிசம் நில்லுங்க. அதுக்குள்ள சரியா வரலைன்னா நானே வழி விடுறேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வண்டி இங்கனதான நிக்கிது" என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஓடினேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அப்படி நான் ஓடியதை என் வீட்டுக்காரர் போட்டோ எடுத்து வைத்திருக்கிறார், மன்னிக்கவே மாட்டேன்.

லேப்டாப் முன் உட்கார்ந்ததும் கை தன்னால் ஓட ஆரம்பித்தது. ஒரே வீடியோவை ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு வைத்தேன். அடியில் இருப்பதைத் திரை முழுக்க நிறைகிற வரைக்கும் பெரிதாக்கி, உருவமே தெரியாத அளவுக்கு மங்கலடித்தேன். மங்கலடித்தால் ஓரங்களில் இருட்டுக் கசியும், அதற்கு ஓரத்து நிறத்தையே நீட்டிவிடச் சொல்லும் ஒரு டிக் இருக்கிறது, அதைப் போட்டேன். வழக்கமாக மேல் படம் எடுப்பாகத் தெரிய அடி அடுக்கைக் கொஞ்சம் இருட்டாக்குவேன். அன்று அதைச் செய்யவில்லை. பட்டுப் பாவாடையின் பச்சையும் மாலையின் மஞ்சளும் கரைந்து, கருப்பு வந்திருக்க வேண்டிய இடமெல்லாம் மங்கலமாக நிறைந்தது.

இனி மேல் அடுக்கு. முழு அகலத்தையும் உள்ளே அடக்கினால் படம் வாசலில் தூரத்தில் நிற்பவர்களுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுத்துப்போகும். அதனால் பெரிதாக்காமல் சுருக்காமல், எடுத்த அளவிலேயே நடுவில் சதுரமாக வைத்தேன். பக்கத்துக்குக் கொஞ்சம் போகும், போகட்டும். பிள்ளையை மட்டும் நடுவில் வைத்தால் மாமன் முகம் விளிம்பில் இடித்தது. பிள்ளையும் மாமனும் சேர்ந்த அந்த இரண்டு தலைகளுக்கு இடைப்பட்ட இடத்தைத்தான் நடு என்று வைக்க வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. பிள்ளை உதைத்துத் திமிறுகிற இடத்தில் இருவருமே சாய்கிறார்கள், அங்கே நேரக்கோட்டில் ஒரு புள்ளி வைத்துப் படத்தை எதிர்ப்பக்கம் நகர்த்தினேன். அடங்குகிற இடத்தில் இன்னொரு புள்ளி. வெடுக்கென்று இழுக்காமல் மெதுவாக நகரும்படி இரண்டையும் இளக்கினேன். "பிள்ள நடுவுல இல்லாம என்னம்மா இது?" என்று பிள்ளையின் அப்பா பின்னால் வந்து நின்றார். "அண்ணே, இப்ப எங்கிட்டப் பேசாதிய" என்று கத்திவிட்டேன். பாவம், நல்ல மனுஷர், அப்படியே போய்விட்டார்.

வேலை சரியா என்று ஒரு தரம் ஓட்டிப் பார்த்தேன். அப்போதுதான் பார்த்தேன்.

எடுக்கும்போது என் கண் பிள்ளை மேலேயே இருந்தது. வெட்டும்போதும் பிள்ளைதான். ஊசி இறங்குகிற நொடியில் மாமன்காரர் முகத்தைத் திருப்பிக் கண்ணை இறுக்கி மூடியிருக்கிறார். மீசைக்கு மேல் உதடு கோணுகிறது. இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் இறங்கிக் கன்னத்தில் ஓடுகிறது. துடைக்கக் கை இல்லை, இரண்டு கையும் பிள்ளையைப் பிடித்திருக்கின்றன. இதையா நான் வெட்டிப் போட்டேன்!

ரெண்டர் ஓடிப் புது வீடியோ வெளியே வருவதற்குள் நகத்தை எல்லாம் கடித்துவிட்டேன். பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு நேராகப் பந்திக்குப் போய், கரண்டியோடு நின்ற பிள்ளையின் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். "யக்கா, வாங்க, வந்து பாருங்க" என்பதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. திரையில் பழையதை எடுத்துப் புதியதைச் செருகினேன்.

அவர் பார்த்தார். பிள்ளையை அல்ல, தம்பியைப் பார்த்தார். கரண்டியிலிருந்து குழம்பு சேலையில் சொட்டியது, கவனிக்கவில்லை. வேன் பக்கம் நின்ற மாமன்காரரும் திரையைப் பார்த்துவிட்டார். காது வரைக்கும் சிவந்து விறுவிறுவென்று வந்தார். "ஏம்மா, அத எதுக்குப் போட்ட? எடு மொதல்ல. ஊரே பாக்குது, ஆம்பள அழுதத."

"இருக்கட்டும்லே" என்றார் அக்கா. நாலு வருஷத்துக்குப் பிறகு தம்பியிடம் அவர் இழுத்துப் பிடிக்காமல் பேசிய முதல் பேச்சு அதுவாகத்தான் இருக்க வேண்டும். "எதுக்குலே அழுத?"

"பிள்ளைக்கி வலிக்கும்லக்கா" என்றார் அவர், தலையைக் குனிந்துகொண்டு.

அக்கா கரண்டியை என் கையில் திணித்துவிட்டு, முந்தானையால் தம்பியின் முகத்தைத் துடைத்தார். காய்ந்துபோன கண்ணீரைத்தான் துடைத்தார். "ஒனக்குக் குத்துனப்ப எனக்கு ஏழு வயசுலே. நீ மாமா மடியில கெடந்து கத்துற, நான் தூணுக்குப் பின்னாடி நின்னு அழுறேன். என்னைய யாரும் படம் பிடிக்கல."

தம்பி வேன் சாவியை டிரைவரிடமிருந்து வாங்கி அக்காவின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, கை கழுவப் போனார்.