அட்டையில் எழுதாமல் விட்ட பதினைந்து கிலோ

புத்தளம் பட்டணத்தில் வீட்டுச் சாமான் விற்கும் கடை ஒன்றில் ஐந்து வருடம் வேலை பார்த்தேன். என் வேலை அட்டை எழுதுவது. கம்பனிக்காரர் ஒவ்வொரு சாமானுக்குள்ளும் இங்கிலிஷில் ஒரு விபரத்தாள் வைத்து அனுப்புவார்கள். அதை நான் வாசித்து, வாங்க வருகிறவர்களுக்கு விளங்கும் தமிழில் ஒரு மஞ்சள் அட்டையில் எழுதி, சாமானின் நெற்றியில் ஒட்ட வேண்டும்.

முதல் வாரம் தாளை அப்படியே தமிழில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதலாளி ஒரு அட்டையை வாசித்தார், மற்றதை வாசிக்கவேயில்லை.

"தங்கச்சி, இலக்கத்தப் பாத்தா சனம் என்ன செய்யும் தெரியுமா? வீட்ட போய் யோசிக்கும். யோசிச்ச சனம் திரும்பி வந்த கதை இல்ல. இலக்கம் வேணாம். வாங்கினா வீட்டுல என்ன நடக்கும், அத எழுதுங்க."

அது நல்ல புத்திதான். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். வோஷிங் மெஷின் நிமிடத்துக்கு எண்ணூறு சுற்றுச் சுற்றும் என்று எழுதுவதைவிட, பிழிந்து வெளியே எடுத்த, உடுக்கிற சாரம் சொட்டாது என்று எழுதினால் யாருக்கும் விளங்கும். எனக்கும் அதில் ருசி பிடித்துவிட்டது. எழுதின அட்டையைத் தள்ளி நின்று பார்த்து நானே தலையாட்டிக்கொள்வேன். தலைக்கனம்தான், வேறென்ன.

அந்தத் தலைக்கனம் முதலில் ஒரு மாமனாரில் போய் முட்டியது. பெரிய டீப் பிரீசர் ஒன்று வந்திருந்தது. சத்தம் நாற்பத்திரண்டு டெசிபல் என்று தாளில் இருந்தது. பக்கத்தில் நின்று மெதுவாகக் கதைத்தாலும் அதைவிடச் சத்தம். ஆகவே, 'மாமனார் பக்கத்தில் தூங்கினாலும் எழும்ப மாட்டார்' என்று எழுதினேன். இரண்டாம் நாள் முந்தலிலிருந்து ஒருவர் வந்தார். கூடவே மாமனாரையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"இவர்தான். படுக்க வச்சுப் பாப்பமா?"

முதலாளி ஒரு சாய்கதிரையைக் கொண்டுவந்து பிரீசரின் பக்கத்தில் போட்டார். பிரீசருக்குக் கரண்ட் கொடுத்தோம். மாமனார் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். கடையில் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றோம். பில் எழுதுகிற பொடியன் தும்மலை அடக்கி அடக்கிக் கண் சிவந்து போனான். கால் மணி நேரத்தில் மாமனார் குறட்டை விடத் தொடங்கினார். அந்தக் குறட்டையில் பிரீசர் ஓடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. மருமகன் அங்கேயே வாங்கினார். சாமானை ஏற்றும்போதுதான் சொன்னார், மாமனாருக்கு வலது காது கேட்காதாம். பிரீசர் பக்கம் இருந்ததும் வலது காதுதான்.

அதற்குப் பிறகு ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கியது. எங்கள் பக்கத்தில் ஏழு வீடுகள் சேர்ந்து ஒரு மாடு குர்பான் கொடுப்பது வழக்கம். ஒரு பங்கு ஏழைகளுக்கு, ஒரு பங்கு சொந்தக்காரருக்கு, மிச்சம் வீட்டுக்கு. அந்த மிச்சத்தை எங்கே வைப்பது என்பதுதான் ஒவ்வொரு வருடமும் தலையிடி. முதலாளி அந்த பிரீசரில் இன்னும் பத்து இறக்கினார். அட்டையைப் புதிதாக எழுதச் சொன்னார்.

நான் தாளை மேசையில் விரித்தேன். கொள்ளளவு இருநூற்றுத் தொண்ணூறு லீட்டர். மனக்கணக்குப் போட்டேன். எலும்பு நீக்கிப் பொதி கட்டினால் ஒரு மாட்டின் இறைச்சி தாராளமாக அடங்கும். 'ஒரு முழு மாடு கொள்ளும்' என்று எழுதினேன். எழுதிவிட்டு எழும்பிப் போய்த் தேத்தண்ணி குடித்தேன், அவ்வளவு சந்தோசம். வெளியில் நாற்பத்து மூன்று பாகை வரை வெயில் இருந்தாலும் இயங்கும் என்று ஒரு வரி. அதை 'எங்கட வெயிலுக்குச் சளைக்காது' என்றேன். நிறைந்த பெட்டி, மூடி திறக்காமல் இருந்தால், கரண்ட் போய் முப்பது மணி நேரம் தாங்கும் என்று ஒரு வரி. அதை 'ஒரு நாள் கரண்ட் போனாலும் மூடியைத் திறக்காதீங்க, ஒன்றும் ஆகாது' என்றேன்.

கடைசியில் இன்னொரு வரி. உறைய வைக்கும் திறன்: இருபத்து நான்கு மணிக்குப் பதினைந்து கிலோ. அதாவது பெட்டிக்குள் எவ்வளவும் அடங்கலாம். ஆனால் சூடாறாத புது இறைச்சியைக் கொண்டுபோய்ப் போட்டால், ஒரு நாளைக்குப் பதினைந்து கிலோவைத்தான் அது கல்லாக்கும். அதற்கு மேல் போட்டால் ஒன்றின் சூட்டை ஒன்று பிடித்துக்கொண்டு நடுவில் அப்படியே கிடக்கும். அது எனக்கு விளங்கியது. விளங்கவில்லை என்று இன்றைக்குச் சொல்ல மனச்சாட்சி விடாது. 'புது இறைச்சி ஒரு நாளைக்குப் பதினைந்து கிலோ' என்று எழுதியும் விட்டேன்.

முதலாளி விரலை வைத்தார்.

"மேல முழு மாடு. கீழ பதினைஞ்சு கிலோ. என்ன இது, மாடா, ஆட்டுக்குட்டியா?"

"அது வேற, இது வேற, முதலாளி. அது கொள்ளுற அளவு, இது உறையிற..."

"வாசிக்கிற மனுசனுக்கு வேற இல்ல. எடுங்க அத."

எடுத்துவிட்டேன். அவர் சொன்னதற்காக மட்டுமல்ல. முழு மாடு என்ற வரியின் அழகைப் பதினைந்து கிலோ கெடுத்தது. பத்து பிரீசரும் பெருநாளுக்கு முதல் போய்விட்டன. ஒன்றை முதலாளியே வீட்டுக்குக் கொண்டுபோனார். ஒன்றைக் குறிஞ்சிப்பிட்டியில் இருக்கும் என் கூடப்பிறந்த ராத்தா வாங்கினாள்.

மச்சான் மவுத்தாகித் தனியாக நின்ற பிறகு ராத்தா ஐஸ் பக்கட்டும் மீனும் வைத்து விற்கலாம் என்று நினைத்திருந்தாள். அதற்குத்தான் வாங்கினாள். ஆனால் அட்டையைப் பிய்த்துக் கொண்டுபோய்க் குசினிச் சுவரில் ஒட்டி, வந்தவர் போனவருக்கெல்லாம், "என்ட தங்கச்சி எழுதினது" என்று காட்டியிருக்கிறாள். முழு மாடு என்றதும் ஏழு வீட்டாரும் ஒன்றுகூடி முடிவெடுத்துவிட்டார்கள். எல்லார் இறைச்சியும் ராத்தா வீட்டில்.

பெருநாள் அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முதல் நான் போனேன். விறாந்தை நிறையச் செருப்பு. உள்ளே பிரீசரைச் சுற்றிப் பெண்கள் நின்றார்கள், பிள்ளை பிறந்த வீடு மாதிரி. ஏழு வீட்டுப் பொதியிலும் ஏழு நிற நூல். பகல் பதினொரு மணிக்குத்தான் உள்ளே போட்டார்களாம். சொந்தக்காரருக்குப் போகவேண்டியதும் சேர்த்துக் கிட்டத்தட்டத் தொண்ணூறு கிலோ. ஆளாளுக்கு வந்து மூடியைத் திறந்து தன் நூலைப் பார்த்துவிட்டு மூடினார்கள். என்னைக் கண்டதும் வழி விட்டார்கள். நானும் வெட்கமில்லாமல் மூடியில் கையை ஊன்றிக்கொண்டு நாற்பத்து மூன்று பாகையைப் பற்றிப் பேசத் தொடங்கினேன்.

ராத்தா மெதுவாகச் சொன்னாள், "புள்ள, கைய விட்டுப் பாரு."

ஓரத்துப் பொதிகள் கல்லாகத் தொடங்கியிருந்தன. நடுவில் கையை விட்டேன். வெதுவெதுவென்று இருந்தது. குர்பான் இறைச்சி, ஏழு வீட்டார் பாதுகாக்கக் கொடுத்த அமானிதம், என் ராத்தாவின் வீட்டில், என் எழுத்தை நம்பி. அழுகினால் ராத்தா அந்த ஒழுங்கையில் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பாள்?

"ஒரு வரிய நான் எழுதல்ல," என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்.

யாரும் ஏசவில்லை. ஏசியிருக்கலாம். பக்கத்து வீட்டு மாமி மட்டும் கேட்டார், "அப்ப எந்தப் பதினைஞ்சு?"

அங்கேதான் தொடங்கியது. ஏழு நூலும் அந்தப் பதினைந்துக்குள் வர வேண்டும் என்றன. ஒருவர் மாட்டுக்கு முதலில் காசு கொடுத்தது தான்தான் என்றார். ஒருவர் தன் வீட்டுக்குச் சம்மந்தி வருகிறார் என்றார். ஒருவர் தன் பொதி ஏற்கனவே ஓரத்தில் இருக்கிறது, இருந்த இடத்தில் இருக்கட்டும் என்றார். அவர் காலையில் சுவரோரம் பார்த்து வைத்ததை இரண்டு பேர் கண்டிருந்தார்கள். சீட்டுக் குலுக்குவோம் என்று ஒருவர் பேனையும் எடுத்துவிட்டார். இறைச்சி அதற்குள் எல்லாருக்கும் பொதுவாக வெதுவெதுத்துக்கொண்டிருந்தது.

ராத்தா நூல் இல்லாத பொதிகளை எடுத்து மேலே வைத்தாள். ஏழைகளின் பங்கில் மிச்சம், பதினாலு கிலோ. மறுநாள் வண்ணாத்திவில்லுக்குக் கொண்டுபோக வாகனம் சொல்லி வைத்திருந்தார்கள்.

"இது நம்மட இல்ல. இத மட்டும் உள்ள வைப்பம். நம்மட எல்லாத்துக்கும் உப்புப் போடுவம்."

சீட்டுக் குலுக்கப் பேனை எடுத்தவர் அதை மூடி வைத்தார். பதினாலு கிலோவையும் சின்னச் சின்னத் தட்டைப் பொதிகளாக்கி, உள்சுவரில் ஒட்டினாற்போல் அடுக்கி, விரைவாக உறைய வைக்கும் சுவிச்சைப் போட்டேன். இனி நாளைக்கு வாகனம் வரும் வரை மூடியில் கை வைக்கக்கூடாது என்றேன். மாமி போய் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

உப்பளத்தில் வேலை செய்யும் பக்கத்து வீட்டு நாநா இரண்டு மூடை உப்பை இறக்கினார். அஸர் தொழுதுவிட்டு வந்த ஆண்கள் பெருநாள் சட்டையோடு கத்தியை எடுத்தார்கள். பொழுதுபட்டு மஃரிபு சொல்வதற்குள் எல்லாம் கீறி உப்பில் புரட்டியாயிற்று. மறுநாள் வெயில் ஏறும்போது ஒழுங்கையின் இரண்டு பக்கமும் உடுப்புக் கொடி முழுவதும் மாடு தொங்கியது. சம்மந்தி வந்த வீட்டில் சம்மந்தியே காகம் விரட்ட பெட்மின்டன் மட்டையோடு வாசலில் நின்றார். கிளிப்பில் தொங்கிய ஏழு நிற நூலையும் பார்த்தால் கல்யாண வீடு என்று நினைக்கலாம். வண்ணாத்திவில்லுக்குப் போனது மட்டும் கல்லாகப் போனது.

நான் புறப்படும்போது ராத்தா ஒரு பொதி உப்புக்கண்டம் தந்தாள். சுவரில் இருந்த அட்டையையும் பிய்த்துத் தந்தாள்.

"நீ பொய் எழுதல்ல. முழு மாடும் கொண்டிச்சு. ஆனா நான் உன்ன நம்பி மிச்சத்தக் கேக்கல்ல."

பஸ்ஸில் கடற்கரைப் பக்கம் பார்த்துக்கொண்டே அழுதேன்.

பெருநாள் விடுமுறை முடிந்து கடைக்குப் போனபோது, வேலை போனாலும் போகட்டும், அந்த வரியை எழுதியே தீருவேன் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு போனேன். முதலாளி எனக்கு முதல் வந்து என் மேசையில் உட்கார்ந்திருந்தார். புது மஞ்சள் அட்டையும் பேனையும் எடுத்து வைத்திருந்தார். முகம் வீங்கியிருந்தது.

"எங்கட வீட்டுலயும் முழு மாடுதான் வச்சோம்," என்றார். "மூணாம் நாள் தோண்டிப் புதைச்சோம்."

"அந்த வரிய நீங்க வாசிச்சீங்களே, முதலாளி. நீங்கதானே எடுக்கச் சொன்னீங்க."

"அந்த வரிய வாசிச்சது கடையில. வீட்டுல அட்டையத்தான் நம்பினேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேனையை எடுத்தேன். எவ்வளவு பெரிதாக எழுத என்று கேட்டேன். முழு மாட்டைவிடப் பெரிதாக எழுதச் சொன்னார். எழுதி முடித்ததும் பையைத் திறந்து, ராத்தா தந்த உப்புக்கண்டத்தில் பாதியைப் பிரித்துக் கடதாசியில் சுற்றி அவரிடம் கொடுத்தேன். அந்தப் பெருநாளில் அவர் வீட்டில் மிஞ்சின குர்பான் இறைச்சி அது மட்டும்தான்.