விருப்பப்பட்டு வந்தவர்கள்

சிறைக் கைதிகளிடம் ஆய்வு செய்வதைப் பற்றி இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு புதிய பாட அலகு தொடங்க வேண்டும் என்று எங்கள் துறையில் முடிவானது. முன்மொழிவை எழுதியவர் மூத்த விரிவுரையாளர். சிங்களவர், கொழும்பில் வளர்ந்தவர். நான் பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள், அப்போது உதவி விரிவுரையாளர். தமிழ்க் கைதிகளோடு பேச ஆள் வேண்டுமென்று என்னையும் சேர்த்துக்கொண்டார்.

மாணவர்களைச் சிறைக்குள் கூட்டிப்போய் நேர்காணல் செய்யவைப்பது முன்மொழிவின் முக்கியமான பகுதி. அதற்கு முன்னால் நாங்கள் இருவரும் ஒருமுறை போய்ச் செய்துபார்ப்பது என்று ஏற்பாடு. சிறைத் திணைக்களமும் பல்கலைக்கழக ஒழுக்கநெறிக் குழுவும் அனுமதி தந்திருந்தன. கைதிகளுக்குச் சொல்லவேண்டிய விளக்கத்தை நானே எளிய தமிழில் எழுதினேன். விருப்பமில்லையென்றால் மறுக்கலாம், பாதியில் எழுந்தும் போகலாம். பேசினால் வழக்குக்கு நன்மையும் இல்லை, மறுத்தால் தீமையும் இல்லை. பெயர் எங்கேயும் வராது. ஆனால் யாரையாவது தாக்கப்போவதாகவோ தப்பி ஓடப்போவதாகவோ சொன்னால் அதை நாங்கள் மறைத்துவைக்க முடியாது. விருப்பமுள்ளவர்கள் மட்டும் வந்தால் போதும் என்று சிறைக்கும் முன்கூட்டியே தெரிவித்திருந்தோம்.

மலைப்பக்கத்துச் சிறை அது. எந்தச் சிறையென்று சொல்லப்போவதில்லை. நாங்கள் போனபோது மூடுபனி இறங்கி முற்றத்துச் சுவரே தெரியவில்லை. பிரதான ஜெயிலர் எங்களை அன்பாகத்தான் வரவேற்றார். தேநீர் தந்தார். "எல்லாரும் விருப்பப்பட்டு வந்தவர்கள்" என்று சிங்களத்தில் சொல்லி ஓர் அறைக்குக் கூட்டிப்போனார்.

உள்ளே ஆறேழு பேர் சுவரோரமாக வரிசையாக நின்றார்கள். தோட்டத்தில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில், மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா பெயர் கூப்பிடும்போது எங்கள் லயத்து வீடுகளின் ஆட்கள் நிற்பார்களே, அதே நிற்பு. உட்காரச் சொன்னேன். யாரும் உட்காரவில்லை. வாசலில் நின்ற காவலர் தலையசைத்த பிறகுதான் உட்கார்ந்தார்கள்.

விளக்கத்தை வாசித்தேன். "வேணாம்னா வேணாம்னு சொல்லலாம்ங்க. யாரும் ஒன்னும் செய்ய மாட்டாங்க" என்றேன். எல்லாரும் ஒரே குரலில் "சரிங்க மிஸ்" என்றார்கள். எனக்கு ஏதோ உறுத்தியது. காவலர் எங்களைப் பார்க்கலாம், ஆனால் பேச்சு கேட்காத தூரத்தில் நிற்கவேண்டும் என்று மூத்த விரிவுரையாளர் கேட்டுக்கொண்டார். காவலர் முற்றத்துக்குப் போய் நின்றார்.

அதன் பிறகு, அவர்களில் வயதில் பெரியவர் மெதுவாகக் கேட்டார்.

"மிஸ், வேணாம்னு எந்திரிச்சுப் போனா அந்த சாருக்குத் தெரிஞ்சிருமில்ல?"

நான் வாசலைப் பார்த்தேன். அறைக்கு ஒரே வாசல். எழுந்து போகிறவன் காவலரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"நீங்களா விருப்பப்பட்டு வந்தீங்கன்னு சொன்னாங்களே" என்றேன்.

"பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க, வந்தோம்."

"தண்டன கொறையும்னு சொன்னாங்க" என்றார் இன்னொருவர்.

"அப்படி யாரு சொன்னா?"

"கூட்டிட்டு வந்தவங்க சொன்னாங்க. நீங்க லோயர் ஆளுங்கன்னு நெனச்சோம்."

அப்படியொன்றும் கிடையாது, எங்களால் தண்டனையில் ஒருநாள்கூடக் குறைக்க முடியாது என்று சொன்னேன். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அப்போது ஓரத்தில் இருந்தவன், முப்பது வயதிருக்கும், தலையைக் குனிந்தபடியே சொன்னான்.

"இன்னைக்கு எனக்கு விசிட்டுங்க மிஸ். நோட்டன் பிரிட்ஜ்லருந்து சம்சாரம் வந்திருக்கும்." ஊரை மாற்றித்தான் எழுதுகிறேன்.

"எத்தன மணிக்கு?"

"இப்பத்தாங்க. சொன்னேன். மொதல்ல இத முடிச்சிட்டு வான்னுட்டாங்க."

நான் விளக்கம் வாசித்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் ஒரு பெண் வெளியே காத்துக்கொண்டிருக்கிறாள். தாழ்ந்த குரலில் மூத்தவரிடம் சொன்னேன். நான் காவலரைக் கூப்பிட எழுந்தேன். அவன் பதறிவிட்டான்.

"ஐயோ மிஸ், நான் சொன்னேன்னு சொல்லிறாதீங்க. நீங்க போயிருவீங்க. நான் இங்கனதான் கெடக்கணும்."

எழுந்தவள் அப்படியே நின்றேன். அவனை மட்டும் அனுப்பினால் அவனைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். அனுப்பாவிட்டால் அவன் மனைவியைப் பார்க்க முடியாது. மூத்தவர்தான் முடிவெடுத்தார். "எல்லாருக்கும் நிறுத்திவிடுவோம். காரணம் நம்முடையதாக இருக்கட்டும்."

ஜெயிலரிடம் போனோம். எங்கள் ஏற்பாட்டிலேயே குறை தெரிகிறது, இன்று யாரிடமும் பேசப்போவதில்லை என்றார் மூத்தவர். ஜெயிலர் முதலில் கேட்டது, "யார் மாட்டேன் என்றது?"

"யாரையும் நாங்கள் எதுவும் கேட்கவே இல்லை."

"நல்ல பையன்களாகப் பார்த்துத்தானே அனுப்பினேன்! சாப்பாட்டைப் பற்றி ஏதாவது சொன்னார்களா?"

"எதுவும் பதிவாகவில்லை."

அவர் சிரித்தார். "என்னிடம் சொல்வதில் என்ன? எப்படியும் எனக்குத் தெரியவரும்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்களுக்கு உதவி செய்ததாகவே நினைத்துக்கொண்டிருந்தார். அதுதான் என்னை இன்னும் அதிரவைத்தது. இன்று பார்வையாளர் நேரத்தை எல்லாருக்குமே கொஞ்சம் நீட்டிக்க முடியுமா என்று மூத்தவர் கேட்டுப்பார்த்தார். நேரம் முடிந்துவிட்டது, வாசல் பூட்டியாயிற்று என்றார் ஜெயிலர்.

மூத்தவர் கொழும்புக்குப் புறப்பட்டார். நான் ஹட்டன் பஸ்ஸில் ஏறினேன். பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். கொஞ்சதூரம் போன பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, நீங்க ஜெயிலுக்குள்ளருந்து வந்தீங்கதானே? என் வீட்டுக்காரர இன்னைக்கு காட்டல. ஏதோ விசாரிக்கக் கூட்டிட்டுப் போயிட்டாங்கன்னு சொன்னாங்க. புதுசா கேஸ் ஏதும் போட்டுட்டாங்களாக்கா? அடிக்கிறாங்களா?"

அவள் விரல்கள் முந்தானையைப் பிசைந்துகொண்டே இருந்தன. அவன் மனைவியாகத்தான் இருக்க வேண்டும். அவனைப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறான் என்று சொல்ல வாய் துடித்தது. ஆனால் அவன் யாரென்று வெளியே சொல்ல அவன் எனக்கு அனுமதி தரவில்லை. அவன் மனைவியிடம் சொல்வதற்கும் தரவில்லை. அவள் வேறொருவர் மனைவியாகவும் இருக்கலாம்.

நான் செய்ததை மட்டும் சொன்னேன். "கேம்பஸ்லருந்து நாங்க ரெண்டு பேரு போனோம்மா. ஆய்வுக்குன்னு கொஞ்சப்பேரக் கூப்பிட்டிருந்தாங்க. அது போலிஸ் விசாரண இல்ல. எங்க முன்னால யாரையும் அடிக்கல. யார் யாரு வந்தாங்கன்னு மட்டும் நான் சொல்லக்கூடாது."

அவள் விரல்கள் நின்றன. பிறகு, "எங்க நாளுதானா உங்களுக்குக் கெடச்சிச்சு?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. சும்மா தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல் இருந்தது.

நடந்ததை ஒழுக்கநெறிக் குழுவுக்கு எழுத்தில் அறிவித்தோம். பாடத்திட்டக் குழுவில் ஒருவர், "திணைக்களம் அனுமதி தந்திருக்கிறது, அவர்களும் சரி என்றார்கள், வேறென்ன வேண்டும்?" என்றார்.

"அந்த அறையில் சரி என்பதைத் தவிர வேறு சொல் சொல்ல இடமில்லை" என்றார் மூத்தவர்.

மாணவர்களைச் சிறைக்குள் அழைத்துப்போகும் பகுதியை அவரே எடுத்துவிட்டார். வகுப்பிலேயே ஒருவர் கைதியாகவும் ஒருவர் காவலராகவும் நடித்துப் பார்ப்பது என்று மாற்றினார். இனி ஆசிரியர்கள் ஆய்வுக்குப் போவதானால் ஆட்களை அதிகாரிகள் தெரிவுசெய்யக்கூடாது. பார்வையாளர் நாளில் போகக்கூடாது. ஒவ்வொருவரையும் தனியாகச் சந்திக்க வேண்டும். மறுத்தவர் விரும்பினால், பேசியவர் இருக்கும் அளவு நேரம் உள்ளே சும்மா இருந்துவிட்டுப் போகலாம். அப்போது யார் பேசினார், யார் மறுத்தார் என்று வெளியே நிற்பவருக்குத் தெரியாது. தீர்ப்பு வராத விளக்கமறியல் கைதிகளிடம் வழக்கைப் பற்றி எதுவும் கேட்கக்கூடாது. நாங்கள் எழுதிவைப்பதை நீதிமன்றம் கேட்டால், தரமாட்டோம் என்று சொல்ல எங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்று சட்டத்துறை நண்பர் எச்சரித்திருந்தார். வாக்குவாதம் நீண்டது. கடைசியில் குழு இந்த விதிகளை ஏற்றுக்கொண்டது.

அந்தப் பாடத்தை இப்போது நான்தான் நடத்துகிறேன். முதல் வகுப்பில், ஊரையும் ஆளையும் மாற்றி இதைச் சொல்வேன். அவள் அடுத்தமுறை அவனைப் பார்த்தாளா என்று மாணவர்கள் கேட்பார்கள். எனக்குத் தெரியாது. சிறைக்கு ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். யாரைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று அவர்கள் கேட்பார்கள். அதனால் கேட்கவில்லை.