சரிவில் நூற்று நான்கு மீட்டர்

தொல்லியல் துறையிலிருந்து ஓய்வு பெற்றவனை யாரும் தேடி வரமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் குன்னூரில் வீடு எடுத்தேன். ஆறே மாதத்தில் தேடி வந்துவிட்டார்கள். விதிகளை மனப்பாடமாகச் சொல்லும் கிழவர்களுக்கு நாட்டில் தட்டுப்பாடு போலிருக்கிறது.

நடுவட்டம் பக்கம் ஒரு கிளைச்சாலை. சாலைக்கு மேலே தேயிலைச் சரிவில், கம்பி வேலிக்குள் நான்கு கல்திட்டைகள். பெரிய பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடியாக வைத்த பழைய ஈமச்சின்னங்கள். மத்திய அரசின் பாதுகாப்பில் இருப்பவை. சாலையை அகலப்படுத்த வேண்டுமென்றால் அந்தக் கற்களுக்கு என்ன ஆகும் என்று மரபுத் தாக்க மதிப்பீட்டு அறிக்கை எழுத வேண்டும். அதை எழுதத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

பச்சைத் தேயிலை விலை விழுந்து கிடந்த காலம் அது. பறித்த கொழுந்தைத் தொழிற்சாலை வாங்கவில்லை என்று ஓடையில் கொட்டியவர்கள் உண்டு. எஸ்டேட்டுகள் வேலை நாட்களைக் குறைத்தன. தேயிலையைப் பிடுங்கிவிட்டு கேரட் போட்டார்கள், அதுவும் முடியாதவர்கள் அறை கட்டி வாடகைக்கு விட்டார்கள். என்னுடன் வந்த சாலைப் பொறியாளர் கோயம்புத்தூர்க்காரர், எதையும் ஒளிக்கத் தெரியாதவர். முதல் நாளே சொன்னார்:

"தேயிலை போச்சுங்க சார். இனி டூரிஸ்ட் பஸ்தான் சோறு போடும். பஸ் திரும்பற அளவுக்கு மூணு மீட்டர் வேணும், அவ்வளவுதானுங்க."

அந்த மூன்று மீட்டரை எந்தப் பக்கம் எடுப்பது என்பதுதான் கேள்வி. மலைப்பக்கம் வெட்டினால் கற்களை நெருங்க வேண்டும். பள்ளத்துப் பக்கம் தாங்குசுவர் கட்டி எடுக்கலாம், ஆனால் அங்கே ஒரு டீக்கடை இருந்தது.

கடைக்காரம்மா இலங்கைத் தோட்டத்திலிருந்து சிறுமியாகக் கப்பலில் வந்தவர். முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். எஸ்டேட் வாரத்துக்கு இரண்டு நாள் வேலை என்று ஆக்கியபோது, சாலையோரப் புறம்போக்கில் நாலு தகரத்தை நிறுத்தி அடுப்பு வைத்துவிட்டார். பட்டா கிடையாது. இடித்தால் இடித்ததுதான். வேறு இடமும் இல்லை, வேறு வேலையும் இல்லை. அவர் கடையில் பால் ஊற்றாத தேநீருக்கு 'பிளேன்டி' என்று பெயர். என் அறிக்கையின் பெரும்பகுதி அந்தப் பிளேன்டியில் எழுதப்பட்டது.

"என்னா தொர, இன்னைக்கு எத்தன படம் புடிச்சீங்க? அந்தக் கல்லுக்கு வயசு கூடிருச்சா?" என்பார்.

"உங்களுக்கும் எனக்கும் கூடின அளவுதானுங்க."

வேலை ஒழுங்காகத்தான் போனது. முதலில் பழைய வரைபடங்கள், பாதுகாப்பு அறிவிக்கை, நில ஆவணங்கள். பிறகு களம்: ஒவ்வொரு கல்லின் அளவு, விரிசல், பாசி, சாய்வு. அதன்பின் இந்த இடம் ஏன் முக்கியம் என்று ஒரு பக்கத்தில் மதிப்புரை. அந்த முக்கியத்துவத்தைத் தாங்கி நிற்கும் கூறுகள் எவை என்று ஒரு பட்டியல்: கற்கள், அவை நிற்கும் சரிவு, அங்கிருந்து தெரியும் பள்ளத்தாக்கு, மண்ணுக்குள் இருக்கக்கூடியவை. ஒவ்வொரு கூறுக்கும் சாலையால் வரும் மாற்றம் எவ்வளவு, கூறின் மதிப்பு எவ்வளவு, இரண்டையும் வைத்துப் பார்த்தால் பாதிப்பு எவ்வளவு என்று ஓர் அட்டவணை. பிறகு மாற்று வழிகள், பாதிப்பைக் குறைக்கும் வழிகள், வேலை நடக்கும்போது கண்காணிப்பு, முடிவு. கடைசியில் பிற்சேர்க்கை. பெரும்பாலானவர்கள் பிற்சேர்க்கையின் கனத்தைக் கையில் தூக்கிப் பார்த்து அறிக்கையின் தரத்தை முடிவு செய்வார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் தூரம். பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து நூறு மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. பழுதுபார்க்கலாம், புதிதாக எதுவும் கட்டக்கூடாது. அதற்கப்பால் இருநூறு மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. அங்கே தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் அனுமதியோடு செய்யலாம். அளப்பது கல்லிலிருந்து அல்ல, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து. இதைத் தெரியாமல் கல்லில் டேப்பை வைத்தவர்களை என் பணிக்காலத்தில் நிறையப் பரிகாசம் செய்திருக்கிறேன்.

நாங்கள் அளந்த அன்று மூடுபனி. தூரமும் கோணமும் அளக்கும் கருவி வழியே பார்த்தால் வெள்ளைத் துணிதான் தெரிந்தது. ஆகவே டேப். வேலியிலிருந்து, மலைப்பக்கம் அகலப்படுத்தினால் சாலையின் புது விளிம்பு வரும் இடத்தில் அடித்த முளை வரை, கொழுந்து பறிப்பவர்கள் நடக்கும் வரிசை வழியே தரையோடு தரையாக இழுத்தோம். நூற்று நான்கு மீட்டர். களக்குறிப்பேட்டில் எழுதினேன். பனி விலகியதும் சரிபார்க்க வேண்டும் என்று பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் போட்டேன். பனி விலகியது. நட்சத்திரத்தை மறந்துவிட்டேன்.

வரைவு தயாரானதும் பெருமை தாங்காமல் கடையில் வரைபடத்தை விரித்தேன்.

"உங்க கடைக்கு ஒண்ணும் ஆகாதுங்க. மலைப்பக்கமே மூணு மீட்டர் எடுத்துக்கலாம். நூத்தி நாலு மீட்டர் இருக்குது."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். முகத்தில் நிம்மதி வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது.

"கல்லுலேருந்து ரோட்டுக்கு இவ்வளவுதானா? நான் முப்பது வருசம் கூடையோட ஏறுன மலை தொர இது! படத்துல எல்லா மலையும் சின்னதுதான். தேயிலைச் செடிய கவாத்து வெட்டுறப்ப வருசா வருசம் கூலிக்கு இதே சண்டை. நாங்க வெட்டுனது ஒரு ஏக்கர்னா, ஆபீசு படத்துல முக்கா ஏக்கர்னு வரும். அப்ப படத்தையே மேசையில வச்சுக் கவாத்து வெட்டுங்கன்னு எங்க ஆளுங்க சொல்லுவாங்க."

நானும் சிரித்தேன். பாதியில் சிரிப்பு நின்றது. வரைபடத்தின் தூரம் கிடையானது. சட்டம் கேட்பதும் அதைத்தான். நான் எழுதியிருந்ததோ சரிவின் மேல் இழுத்த டேப்பின் நீளம். சரிவில் அளந்தால் டேப்பைத் துண்டு துண்டாகக் கிடைமட்டமாகப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கோணத்தை அளந்து கணக்குப் போட வேண்டும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு முதல் வாரம் சொல்லித்தரும் பாடம் இது.

மறுநாள் வெயிலில் கருவியை வைத்தோம். சரிவு இருபது பாகை. கிடைத்தூரம் தொண்ணூற்று ஏழு மீட்டர் எழுபது சென்டிமீட்டர்.

பொறியாளர் சுற்றும் முற்றும் பார்த்தார். "சார், உங்களையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாதுங்க. நூத்தி நாலுன்னே விட்டுப்போடுங்க. பாவம், அந்தம்மா கடையும் தப்பிச்சுக்கும்."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் மலைப்பக்கம் வெட்டினால் சரிவின் அடி அறுபடும். ஒரு மழைக்காலத்தில் மேலே நிற்கும் கற்கள் நகரும். நூறு மீட்டர் என்ற கோட்டை யாரோ பொழுதுபோகாமல் போட்டிருக்கலாம். மண்ணின் கனம் அப்படி இல்லை.

கடைக்குப் போய் நானே சொன்னேன். மலைப்பக்கம் சட்டப்படி முடியாது. பள்ளத்துப் பக்கம் முடியும், அது கோட்டுக்கு வெளியே இருக்கிறது. அதாவது, கடை இருக்கும் பக்கம்.

அவர் அடுப்பைத் தணித்தார்.

"அப்ப என் வாயாலயே என் கடைய இடிச்சிக்கிட்டேனா?"

அவர் நீட்டிய பிளேன்டியை வாங்கிப் பெஞ்சில் வைத்தேன்.

"நல்லா வேல செய்றீங்க தொர. குடிங்க, ஆறிரப் போவுது."

அந்தப் பிளேன்டியை நான் குடித்துக்கொண்டிருந்தபோது, கீழே இருக்கும் படகர் ஊரிலிருந்து மூன்று பெண்கள் ஒற்றையடிப் பாதையில் ஏறி வந்தார்கள். கையில் எண்ணெய்ப் போத்தல். கடை பெஞ்சுக்கு அடியில் செருப்புகளைக் கழற்றி வைத்துவிட்டு, சாலையைத் தாண்டி, வெறுங்காலோடு மேலே போனார்கள். அந்தப் பெஞ்சுக்கு அடியில் செருப்பு வரிசையை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். டீ குடிக்க வந்தவர்களுடையது என்று நினைத்திருந்தேன். மூன்று பேர் டீ குடிக்கும் இடத்தில் எட்டு ஜோடி ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

"எங்க போறாங்க?"

"கல்லுக்கு வெளக்கு வைக்க. வேலிக்கு வெளியில வைப்பாங்க. இதுக்கு மேல செருப்புப் போட மாட்டாங்க. நான் கடை போடுறதுக்கு முந்தி இந்த எடத்துல ஒரு கல்லு மேல கழட்டி வப்பாங்களாம். உங்க பொஸ்தகத்துல இது இல்லையா?"

இல்லை. கூறுகளின் பட்டியலில் கல் இருந்தது, மண் இருந்தது, காட்சி இருந்தது. மனிதர்கள் நடக்கும் பாதை இல்லை. கலந்தாய்வு என்ற அத்தியாயத்தில் மூன்று அலுவலகங்களுக்குக் கடிதம் போட்டதை எழுதியிருந்தேன். ஊருக்குள் போகவில்லை.

அந்த வாரம் ஊர் மன்றத்தில் உட்கார்ந்து கேட்டேன். கடையை மனதில் வைத்துக்கொண்டு இதைப் பிடித்துத் தொங்குகிறேனோ என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. அதனால் கடையைப் பற்றி வாயே திறக்காமல், எந்த வழியாகக் கல்லுக்குப் போவீர்கள் என்று மட்டும் கேட்டேன். கிழவர்களும் இளைஞர்களும் படகர் மொழியிலும் தமிழிலும் ஒரே பாதையைத்தான் சொன்னார்கள். உடன் நடந்து, பாதையை அளந்து, இந்த முறை கிடையாக அளந்து, வரைபடத்தில் ஏற்றினேன்.

அட்டவணையைத் திருப்பி எழுதினேன். மலைப்பக்கம்: தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் வருகிறது, ஏற்க முடியாது. பள்ளத்துப் பக்கம்: சட்டத்தடை இல்லை, ஆனால் ஆளுயரத்துக்கு மேல் எழும் தாங்குசுவர் இன்றும் புழங்கும் பாதையை வெட்டுகிறது, பாதிப்பு பெரியது. மூன்றாவது வழி: அந்த வளைவில் அகலப்படுத்தாமல், இருக்கும் சாலையைச் சீர்செய்து, வளைவுக்கு முன்னும் பின்னும், கற்களை விட்டுத் தள்ளி, பஸ் ஒதுங்கி வழிவிட ஒவ்வோர் அகன்ற இடம். முதல் வரைவின் நூற்று நான்கு தவறு என்பதையும், ஏன் தவறு என்பதையும் முறை பற்றிய அத்தியாயத்தில் நானே எழுதினேன். பணிக்காலத்தில் அப்படி ஒரு பத்தி எழுதியிருந்தால் விளக்கம் கேட்டு மூன்று கடிதம் வந்திருக்கும்.

பொறியாளர் படித்துவிட்டு, "பஸ் ஒதுங்கி நிக்கட்டுங்க சார். மலையில அவசரம் எதுக்குங்க?" என்றார். தன் துறைக்கு அவர் எழுதிய குறிப்பு என் அறிக்கையைவிடத் தெளிவாக இருந்தது.

அனுப்பும் முன் கடைக்குப் போனேன். நன்றி பக்கத்தில் உங்கள் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் தொர. ஒரு தடவ காயிதத்துல பேரு போட்டாங்க. கப்பல்ல ஏத்திட்டாங்க."

'உள்ளூர்வாசி ஒருவர்' என்று போட்டேன். அறிக்கையிலேயே குறைவான சொற்களில் அதிகக் கடன்பட்ட வரி அதுதான்.

பல மாதங்கள் கழித்து மூன்றாவது வழிக்கு அனுமதி வந்தது. கடையைத் தொட வேண்டியதில்லை. செய்தியைச் சொல்லப் போன அன்று பெஞ்சுக்கு அடியில் ஐந்து ஜோடிச் செருப்பு இருந்தது. அம்மா கேட்டுவிட்டு, அதற்கென்ன என்பதுபோல் தலையை ஆட்டினார். பிறகு என் கோப்பையில், கேட்காமலேயே, பால் ஊற்றினார்.