தாண்டவராயன் பெயர் போன இடம்

தாண்டவராயன் அண்ணன் திண்டிவனத்தில் எங்கள் பள்ளிக்கூடத்து எலக்ட்ரீஷியன். இடது கைக்காரர். விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போவார். சாயங்காலம் கட்சி வேலை. மைக்செட் கட்டுவதும் அவர்தான், கிளைச் செயலாளரும் அவர்தான்.

2018-ல் அறிவியல் டீச்சர் கலைமதி, பிள்ளைகளோடு சிறுகோள் தேடினார். வெளிநாட்டுத் தொலைநோக்கி எடுத்த நான்கு படங்களைக் கம்ப்யூட்டரில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பார்கள். நட்சத்திரம் நிற்கும், சிறுகோள் நகரும். இன்வெர்ட்டர் பார்க்க வந்த அண்ணன் பின்னால் நின்று, “டீச்சர், அந்த மூலைல ஒண்ணு நடந்துக்கினு போவுது பாருங்க” என்றார். அதுவரை ஒரு கண்ணிலும் படாத புள்ளி அது.

2021-ல் கொரோனா அவரைக் கொண்டுபோனது. அவர் மனைவி வீரம்மாள் அக்காவுக்கு முகத்தைக்கூடக் காட்டவில்லை.

“எங்க போனாருன்னே தெரியலியே. அவருக்குன்னு ஒரு எடம் இருந்தா போதும்” என்று அழுதுகொண்டே இருப்பார்.

அமாவாசைதோறும் படைத்தால் ஒரே ஒரு காகம் வரும். வடையை இடது காலால் அழுத்திக்கொண்டு தின்னும். நானே பார்த்திருக்கிறேன். திருவாமாத்தூர் ஈசனை நினைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

புள்ளியைப் பல வருடம் தொடர்ந்து பார்த்து, அதன் பாதை உறுதியான பிறகுதான் எண் தந்தார்கள். எண் வந்தால் பத்து வருடத்துக்குள், கண்டுபிடித்தவர்கள் அதற்கு ஒரு பெயர் சொல்லலாம். பதினாறு எழுத்துக்குள் இருக்க வேண்டும். டீச்சர் அண்ணன் பெயரையே வைக்க நினைத்தார். இங்கிலீஷில் ‘தாண்டவராயன்’ பதின்மூன்றுதான்.

“யாருன்னு ரெண்டு வரி எழுதணும்க்கா” என்றார் டீச்சர்.

அக்கா கண்ணீர் அஞ்சலி போஸ்டரை எடுத்துக் கொடுத்தார். அதில் இருந்தபடியே டீச்சர் ‘கட்சிக் கிளைச் செயலாளர்’ என்று எழுதி அனுப்பினார்.

பல நாட்டு வானியல்காரர்கள் உட்கார்ந்த குழு மறுத்துவிட்டது. அரசியலால் அறியப்பட்டவர் என்றால், இறந்து நூறு வருடம் ஆக வேண்டுமாம்.

“நூறு வருசமா? அதுவரைக்கும் எந்தத் தெருவுல நிப்பாரு?” என்றார் அக்கா. டீச்சர் போஸ்டரை மடித்து ஓரமாக வைத்தார்.

“எம்மேலதாங்க்கா தப்பு. கட்சியா புள்ளியக் காட்டுச்சு? அவரு கண்ணுதான?”

‘பள்ளிக்கூட எலக்ட்ரீஷியன். இந்தச் சிறுகோளை முதலில் கண்ணால் கண்டவர்’ என்று மாற்றி அனுப்பினார். குழு ஓட்டுப் போட்டு ஏற்றுக்கொண்டது. அவர்கள் வெளியிடும் அறிக்கையில் பெயர் வந்தது. பள்ளியில் கேசரி போட்டோம்.

அடுத்த அமாவாசைக்கு அக்கா வடை வைத்தார். காகம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. எதிர்வீட்டுக் கூரையில் வழக்கம்போல் காகங்கள் இருந்தன. ஒன்றுகூட இறங்கவில்லை. பொழுது சாய்ந்தும் இலையில் ஓர் எறும்புகூட இல்லை.

மூன்றாவது மாதம் அக்கா பள்ளிக்கே வந்துவிட்டார்.

“டீச்சர், அந்தப் பேரத் திருப்பி வாங்க முடியுங்களா?”

“ஒருதரம் வச்சிட்டா வச்சதுதாங்க்கா.”

அக்கா பழைய நான்கு படங்களையும் போடச் சொல்லிப் பார்த்தார். புள்ளி மூன்று அடி வைத்தது.

“போய்க்கினே இருக்காரு” என்றார். “திரும்பியே பாக்கல.”