ஒரு மூடி உயரம்

என் கணவருக்குப் புற்றுநோய். வலி மருந்தைக் குடித்ததும் பாட்டிலைப் படமெடுத்து, அருள்புரத்தில் கம்பெனியில் தைத்துக்கொண்டிருக்கும் என் போனுக்கு அனுப்புவார். கூடக் குடித்துவிடுவாரோ என்று பயப்படும் பயந்தாங்கொள்ளி நான். பாட்டிலின் மூடியையே அளவாக வைத்துப் பார்ப்பேன்; அது அவருக்கும் தெரியும். தினமும் ஒரு மூடி உயரம் இறங்கியிருந்தால் மனம் ஆறும்.

அன்று அடி விரிந்த கவுன் தைத்துக்கொண்டிருந்தேன். கீழே போகப்போக ஓர் அங்குலத்துக்கே துணி அதிகம் பிடித்தது. திடுக்கிட்டு அன்றைய படத்தைப் பார்த்தேன். பாட்டிலும் அடியில் அகலம், மேலே இருந்ததைப்போல் ஒன்றரை மடங்கு. அதே அளவு குடித்திருந்தால் அங்கே மட்டம் குறைவாகத்தான் இறங்கியிருக்க வேண்டும். ஆனால் அதே ஒரு மூடி இறங்கியிருந்தது; உருண்டை பாட்டிலில் அது இரண்டு மடங்குக்கும் மேல் மருந்து.

உடனே போன் செய்தேன்.

"ஏனுங்க, வலி ஜாஸ்தியா?"

"இல்ல கண்ணு. அதே ஒரு மூடிதான எறங்கிருக்குது?"

"அடியில பாட்டல் அகலமுங்க."

அவர் அழுதார். "படத்துல தெரியாதுன்னு நெனச்சேன் கண்ணு. தாங்க முடியல."